1000 ரூபாய்த் தங்கம் வாங்கிய உடனே 942 ரூபாய் ஆவது ஏன்? பணச் செயலியின் டிஜிட்டல் தங்கக் கணக்கு

[திரையில்: கைப்பேசி. பணச் செயலியில் தங்கப் பகுதி திறந்திருக்கிறது.]

வணக்கம். யூபிஐ வழியாகப் பணம் அனுப்பும் அதே செயலிக்குள் பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் தங்கம் வாங்கும் வசதி இருக்கிறது. அங்கே 1000 ரூபாய்க்கு வாங்கிவிட்டு உடனே இருப்பைத் திறந்து பார்ப்பவர்கள், தங்கம் விலை இறங்காதபோது கணக்கு மட்டும் ஏன் 942 ரூபாயைக் காட்டுகிறது என்று திகைத்துப்போகிறார்கள். இந்த 58 ரூபாய் எங்கே போனது என்பதை ஒவ்வொரு பதிவாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வீடியோவின் வேலை.

முதலில் விற்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தங்கத்தை உங்களுக்கு விற்பது பெரும்பாலும் பணச் செயலி அல்ல. செயலி ஒரு கடைவாசல் மட்டுமே. எம்எம்டிசி-பேம்ப், சேஃப்கோல்டு, ஆக்மான்ட் போன்ற தங்க நிறுவனங்கள் அதன் பின்னால் இருக்கின்றன. நீங்கள் வாங்கிய எடைக்கு உரிய 24 காரட் தங்கத்தைக் காப்பறையில் வைத்திருப்பதாகச் சொல்வதும், உங்களுக்கு ரசீது தருவதும், நீங்கள் விற்கும்போது திரும்ப வாங்கிக்கொள்வதும் அந்த நிறுவனம்தான். உங்களுக்கு விற்பவரும் உங்களிடம் வாங்குபவரும் ஒருவரே என்பதால், இரண்டு விலைகளையும் அவரே வைக்கிறார். இன்னொரு கடையில் விசாரித்துவிட்டு அங்கே கொண்டுபோய் விற்கிற வழி இதில் கிடையாது.

[திரையில்: அருகருகே இரண்டு விலைகள். வாங்க: கிராம் ₹12,000. விற்க: கிராம் ₹11,640.]

திரையில் இருப்பவை இன்றைய சந்தை விலைகள் அல்ல. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் எடுத்துக்கொண்டவை. இரண்டுக்கும் இடையே 360 ரூபாய், அதாவது 3 சதவீத இடைவெளி இருக்கிறது. செயலிக்குச் செயலி இது மாறும். ஒரே செயலியிலும் சந்தை ஆட்டம் காணும் நாட்களில் அகலக்கூடும். காப்பறை, காப்பீடு, வாங்கியவர்கள் சார்பில் தங்கத்தைக் கண்காணிக்கும் அறங்காவல் நிறுவனத்தின் கட்டணம், செயலிக்குத் தரும் தரகு ஆகிய எதுவும் தனிக் கட்டணமாக உங்கள் ரசீதில் வராது. அத்தனையும் இந்த இடைவெளிக்குள்தான் அடங்கியிருக்கிறது. செய்கூலியும் சேதாரமும் இல்லை என்ற விளம்பரம் உண்மைதான். ஆனால் நகைக்கடையில் சேதாரம் ரசீதில் தனி எண்ணாக எழுதப்படுகிறது. இங்கே அதற்கு ஈடான செலவு எந்த இடத்திலும் எழுதப்படாமல் விலைக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இதில் உள்ள குறை அதுதான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நாளிதழிலும் கடைப் பலகையிலும் நாம் பார்த்துப் பழகிய விலை 22 காரட் ஆபரணத் தங்கத்தின் விலை. செயலியில் இருப்பது 24 காரட் விலை. பலகை விலையை 22-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கிய பிறகே இரண்டையும் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்யாமல் செயலி அதிகம் கேட்கிறது என்று சொல்வது சரியாகாது.

[திரையில்: 1000 ரூபாய்க்கான ரசீது, பெரிதாக்கிய காட்சி.]

இப்போது ரசீதுக்கு வருவோம். நீங்கள் கொடுத்த 1000 ரூபாய்க்குள் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கிறது. பலர் 1000-க்கு 3 சதவீதம் 30 ரூபாய் என்று கழித்துவிடுகிறார்கள். வரி தங்கத்தின் மதிப்பின்மேல் வருவது என்பதால் 1000-ஐ 1.03-ஆல் வகுக்க வேண்டும். தங்கத்தின் மதிப்பு 970 ரூபாய் 87 காசு. வரி 29 ரூபாய் 13 காசு. விற்கும் நிறுவனத்தின் பதிவு உங்கள் மாநிலத்தில் இருந்தால் இந்த வரி மத்திய வரி, மாநில வரி என்று ஒன்றரை ஒன்றரை சதவீதமாகப் பிரிந்து இரண்டு எண்களாகத் தெரியும். வேறு மாநிலத்தில் இருந்தால் ஒருங்கிணைந்த வரி என்று 3 சதவீதமும் ஒரே எண்ணாகத் தெரியும். இரண்டிலும் தொகை ஒன்றுதான்.

970 ரூபாய் 87 காசை 12,000-ஆல் வகுத்தால் 0.080906 கிராம் வருகிறது. ஆனால் இருப்பில் 0.0809 என்றுதான் ஏறுகிறது, ஏனென்றால் எடையை நான்காவது தசம இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வெட்டப்பட்ட துணுக்கின் விலை 7 காசு. இனி இந்த 0.0809 கிராமை விற்கும் விலையான 11,640-ஆல் பெருக்குங்கள்: 941 ரூபாய் 68 காசு. ஆக, குறைந்துபோன தொகை 58 ரூபாய் 32 காசு. அதில் வரி 29 ரூபாய் 13 காசு, இரு விலைகளின் இடைவெளி 29 ரூபாய் 12 காசு, வெட்டப்பட்ட துணுக்கு 7 காசு. தங்கத்தின் விலை ஒரு பைசாகூட நகராமலேயே இது நடந்துவிட்டது.

போட்ட 1000 ரூபாய் அப்படியே திரும்பக் கிடைக்க வேண்டுமானால், விற்கும் விலை 11,640-இலிருந்து ஏறத்தாழ 12,361 ரூபாய்க்கு உயர வேண்டும். அது 6 சதவீதத்துக்குச் சற்று மேலான ஏற்றம். விற்கும்போது ஜிஎஸ்டி திரும்ப வராது என்பதால்தான் இந்த ஏற்றம் இவ்வளவு தேவைப்படுகிறது. ஆகவே மூன்று மாதத்தில் எடுத்துவிடப்போகும் பணத்தை இதில் வைப்பது பொருத்தமில்லை என்பது என் கருத்து.

[திரையில்: 0.0008 கி, 0.0008 கி, 0.0008 கி என்று நீளும் பட்டியல்.]

அந்த 7 காசு அற்பமாகத் தெரியலாம். என் அம்மாவின் கைப்பேசியில் தினமும் பத்து ரூபாய் தானாகவே தங்கமாக மாறும்படி வைத்திருந்தார். பட்டியல் முழுக்க 0.0008 என்றே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கணக்கைப் போட்டேன். பத்து ரூபாயில் வரி போக நிற்பது 9 ரூபாய் 71 காசு. கிராம் 12,000 என்றால் அதற்கு 0.000809 கிராம் வரவேண்டும், ஏறுவது 0.0008, அதன் மதிப்பு 9 ரூபாய் 60 காசு. விலை 12,200 ஆனால் வரவேண்டியது 0.000796 கிராம். அதை நான்கு இடத்தோடு வெட்டினால் 0.0007தான் ஏறும், அதன் மதிப்பு 8 ரூபாய் 54 காசு. வரிக்குப் பிறகு நின்ற தொகையில் ஏறத்தாழ 12 சதவீதம் அந்த ஒரு வெட்டிலேயே போய்விடுகிறது. துணுக்கை அடுத்த நாளுக்குக் கொண்டுபோகும் முறையோ, ஐந்தைக் கடந்தால் மேலே ஏற்றும் முறையோ இருந்தால் இந்த இழப்பு வராது. உங்கள் செயலி எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதை சில பத்து ரூபாய்ப் பதிவுகளை எடுத்து வகுத்துப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். அம்மா இப்போது மாதம் ஒருமுறை 300 ரூபாயாக வாங்குகிறார். கிராம் 12,000 என்றால் அதில் வெட்டு எவ்வளவு பெரிதானாலும் ஒரு ரூபாய் இருபது காசைத் தாண்டாது.

[திரையில்: இருப்புப் பக்கம். "இன்றைய மதிப்பு" வட்டமிடப்படுகிறது.]

அடுத்து இருப்புப் பக்கம். இங்கே காட்டப்படும் "இன்றைய மதிப்பு" எந்த விலையில் போடப்பட்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சில இடங்களில் அது விற்கும் விலையில் இருக்கும். அப்போது நாம் பார்த்த 941 ரூபாய் 68 காசு தெரியும். வாங்கும் விலையில் போட்டிருந்தால் அதே இருப்பு 970 ரூபாய் 80 காசாகத் தெரியும். பார்க்க மனம் நிறைந்தாலும் அந்தப் பணம் கைக்கு வராது. சோதிக்கும் வழி எளிது: காட்டப்படும் மதிப்பைக் கிராமால் வகுத்து, வரும் எண் எந்த விலையோடு பொருந்துகிறது என்று பாருங்கள். "சராசரி வாங்கிய விலை" என்ற எண்ணிலும் இதே கவனம் வேண்டும். நீங்கள் கொடுத்த மொத்தத் தொகையைக் கிராமால் வகுத்தால் 12,361 ரூபாய் வர வேண்டும். திரையில் 12,000 என்று இருந்தால் வரியை விட்டுவிட்டு லாபம் காட்டுகிறார்கள் என்று பொருள்.

[திரையில்: இடப்பக்கம் வங்கி அறிக்கை, வலப்பக்கம் செயலியின் பதிவுகள்.]

ஒரே வாங்கல் மூன்று இடங்களில் பதிவாகிறது. வங்கி அறிக்கையில் 1000 ரூபாய் பற்று, பக்கத்தில் 12 இலக்க யூபிஐ எண். அங்கே கிராமும் வரியும் இருக்காது. செயலியின் வரலாற்றில் ஓர் ஆர்டர் எண்ணும் எடையும் இருக்கும். தங்க நிறுவனத்தின் ரசீதில்தான் விலை, எடை, வரி மூன்றும் சேர்ந்திருக்கும். வருமான வரிக் கணக்குக்கு உதவுவதும் இந்த மூன்றாவதுதான், ஏனென்றால் 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு 12.5 சதவீதமும், அதற்குள் விற்ற லாபத்துக்கு உங்கள் வருமான வரம்புக்குரிய விகிதமும் பொருந்தும் என்பதால், வாங்கிய தேதியைக் காட்ட வேண்டியிருக்கும்.

பதிவில் சிக்கல் வருவது பெரும்பாலும் விலைக்கான கெடு முடியும் நேரத்தில்தான். திரையில் தெரியும் விலை சில நிமிடங்களுக்கு மட்டுமே நிலைத்திருக்கும். வங்கி தாமதித்து, கெடு முடிந்த பிறகு பணம் போய்ச் சேர்ந்தால், வங்கியில் பற்று விழுந்திருக்கும்; தங்கம் ஏறியிருக்காது; செயலியில் "நிலுவை" என்று நிற்கும். உடனே மறுபடியும் வாங்காதீர்கள், இரண்டு பற்று விழுந்துவிடும். யூபிஐ பரிமாற்றமே முடியாமல் தொங்கினால், ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு விதிப்படி கடைக்குச் செலுத்திய பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடும் உண்டு. பரிமாற்றம் வெற்றி என்று வங்கி சொல்லி, தங்கம் மட்டும் ஏறாவிட்டால் அந்த விதி உதவாது. அது விற்பவர் திருப்பித் தர வேண்டிய பணம். யூபிஐ எண்ணையும் ஆர்டர் எண்ணையும் சேர்த்து எழுதி அவரிடம்தான் கேட்க வேண்டும்.

விற்கும்போது வரிசை தலைகீழாகும்: முதலில் இருப்பிலிருந்து கிராம் கழிக்கப்படும், பணம் பிறகு வரும். வங்கியில் அந்த வரவு செயலியின் பெயரில் இல்லாமல், தங்க நிறுவனத்தின் பெயரிலோ பணம் அனுப்பித்தரும் இடைநிறுவனத்தின் பெயரிலோ வரக்கூடும். பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று பதறாமல், தொகையையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள்.

கணக்கே பொருந்தாமல் போனால் எங்கே முறையிடுவது? டிஜிட்டல் தங்கம் பங்குப் பத்திரமாக அறிவிக்கப்பட்டதும் அல்ல, சரக்கு வணிக ஒப்பந்தமாக ஒழுங்குபடுத்தப்படுவதும் அல்ல, தங்கள் வரம்புக்கு வெளியே இயங்குகிறது என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2025 நவம்பர் 8 அன்று எச்சரித்தது. ஆகவே பங்கு, மியூச்சுவல் ஃபண்டு போன்றவற்றுக்கு உள்ள செபியின் முதலீட்டாளர் பாதுகாப்பு இதற்கு இல்லை. விற்பவரிடம் தீராத புகாரை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதற்குப் பிறகு நுகர்வோர் ஆணையத்திலும் கொண்டுபோகலாம். அங்கே செயலியின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. தங்க நிறுவனத்தின் ரசீதும், அதே தேதிக்குரிய வங்கி அறிக்கைப் பக்கமும் உடன் வேண்டும். ரசீதுகளை வாங்கிய அன்றே பதிவிறக்கி, செயலிக்கு வெளியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள்.