கிழமைக்குக் கோளா, எண்ணா?

நடுவரின் கேள்வி: "கிழமைக்குப் பெயர் வைக்கக் கோள் பொருத்தமா, எண் பொருத்தமா?"

கோள்தான், நடுவர் அவர்களே!

எதிரணியில் முதலில் பேசியவர் மலேசியாவில் வேலை பார்த்தவர். விவரம் தெரிந்தவர். ஞாயிறு அங்கே 'அஹாட்', திங்கள் 'இஸ்னின்', இரண்டும் அரபியிலிருந்து வந்த ஒன்றும் இரண்டும் என்றார். போர்த்துக்கீசியரும் திங்களை 'இரண்டாவது' என்றுதான் சொல்கிறார்கள். சரி, அப்படியே சீனாவுக்குப் போங்கள். அங்கே திங்கள் 'ஒன்று', செவ்வாய்தான் 'இரண்டு'. எங்கிருந்து எண்ணுவது என்பதிலேயே தகராறு! ஆனால் ஜப்பான்காரரும் பிரெஞ்சுக்காரரும் நாமும் அந்த நாளை நிலவின் பெயரால்தான் அழைக்கிறோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை.

அடுத்து வந்தவர், "கிழமை வரிசை வானத்தில் இல்லை, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது" என்றார். பாதி சரி. வானத்தில் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை பழைய ஆட்கள் வைத்த வரிசை வேறு: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். மீதிப் பாதி உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில், ஓரைப் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோள். ஞாயிறன்று விடிந்ததும் முதல் ஓரை ஞாயிறுடையது. அடுத்து வெள்ளி, புதன், திங்கள், சனி, வியாழன், செவ்வாய். இப்படி மூன்று சுற்று வந்தால் 21 மணி நேரம். 22 மறுபடி ஞாயிறு, 23 வெள்ளி, 24 புதன். மறுநாள் விடியலில் யார் முறை? திங்கள்! அங்கிருந்து இதே கணக்கைப் போட்டால் அடுத்த விடியல் செவ்வாயுடையது. வீட்டுக்குப் போய்ச் சனி வரை போட்டுப் பாருங்கள், எங்கும் இடறாது. முதல் ஓரைக்கு உரியவரே அந்த நாளுக்கும் உரியவர். 'கிழமை' என்ற சொல்லுக்கே உரிமை என்றுதானே பொருள்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறும் திங்களும் செவ்வாயும் வியாழனும் வெள்ளியும் தமிழ்ச்சொற்கள். புதனும் சனியும் வடமொழி வழி வந்தவை. ஓரை, கிரேக்கச் சொல் 'ஹோரா'. கணக்கு கடல் கடந்து வந்தது, பெயரைப் பெரும்பாலும் நாம் வைத்துக்கொண்டோம்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் இடைவேளையில் என்னைப் பிடித்தார். அவர் பிறந்தது விடியற்காலை 4 மணி. பிறப்புச் சான்றிதழில் வெள்ளிக்கிழமை, ஜாதகத்தில் வியாழக்கிழமை. "எந்தக் கிழமை விரதம் இருக்கட்டும், தம்பி?" என்றார். ஐயா, இது அந்தக் கேள்வி இல்லை. நாள் நள்ளிரவில் பிறக்கிறதா, சூரியன் எழும்போதா என்பது தனிப் பட்டிமன்றம். கோளின் பெயரை வைத்திருந்தும் அதை என்னால் தீர்க்க முடியவில்லை. எதிரணியினர் அவருக்கு ஐந்து என்பார்களா, ஆறு என்பார்களா? இல்லை, சீனக் கணக்கில் நான்கா?