நான்கு வரியில் எழுதிய கடிதம்

வணக்கம் நேயர்களே. பெங்களூர் அல்சூரில் பொது மருத்துவராக இருக்கிறேன். காய்ச்சல், சர்க்கரை, முதுகுவலி என்று வருபவர்கள்தான் அதிகம். ஆனால் மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுத வேண்டிய நாளும் வருகிறது. அப்படி நான் எழுதிச் சொதப்பிய கடிதம் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பையனுக்கு 28 வயது, துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். ஒன்றரை மாதமாக எதிலும் நாட்டமில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை, எப்போதும் தூக்கம் என்று வந்தான். மனச்சோர்வு என்று முடிவு செய்து எசிட்டலோபிராம் 10 மில்லிகிராம் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் அவனுடைய அம்மா ஓடி வந்தார். "மூணு மணி நேரந்தான் தூங்குறான் டாக்டர், ஆனா களைப்பே இல்ல. தனியா கடை போடப்போறேன்னு வட்டிக்கு வாங்கிட்டான்."

மாத்திரையை நிறுத்தினேன். மனநிலை சில காலம் அளவுக்கு மீறி ஏறியும் சில காலம் இறங்கியும் போகும் இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது பைபோலார் என்ற சந்தேகம் வந்துவிட்டது. உடனே கடிதம் எழுதினேன்: "மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தபின் பரபரப்பு. பைபோலாரா என்று பார்க்கவும்." நான்கே வரி.

அன்று மாலையே அந்த மனநல மருத்துவர் போன் செய்தார். "மாத்திரைக்கு முன்னாலயும் இப்படி ஒரு காலம் இருந்திருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லையே!

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. மனச்சோர்வு மருந்து சிலருக்கு மனநிலையை அளவுக்கு மீறி ஏற்றிவிடும். மருந்தே இல்லாதபோதும் ஒருமுறை அப்படி ஏறியிருந்தால் பைபோலார் என்ற சந்தேகம் வலுக்கிறது. ஆனால் ஏறியிருந்த நாட்களைப் பற்றி யாரும் டாக்டரிடம் வந்து புகார் சொல்வதில்லை. இறங்கிய நாட்களில்தான் வருகிறார்கள்.

மறுநாள் அம்மாவையும் மகனையும் உட்கார வைத்துக் கேட்டேன். "முன்னால எப்பவாவது அதிகமா உற்சாகமா இருந்தானா?" என்றால் பதில் வராது. அதனால் தூக்கத்தைப் பிடித்துக் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன், தங்கை கல்யாணத்துக்கு அப்புறம், ராத்திரி முழுக்க விழித்திருந்து வீட்டுக்கு வெள்ளையடித்தானாம். பேச்சை நிறுத்தவில்லையாம், இரண்டு செல்போன் வாங்கினானாம். ஒன்பது நாள். அம்மா சொன்னார்: "அப்பத்தான் டாக்டர் அவன் நல்லா இருந்தான்."

இரண்டாவது கடிதம் ஒரு பக்கம் வந்தது. அம்மாவின் அந்த வாக்கியத்தை மேற்கோளாகவே போட்டேன். எத்தனை நாள், எத்தனை மணி நேரத் தூக்கம், வேலைக்குப் போனானா, எவ்வளவு செலவு என்று கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். 'பரபரப்பு' என்ற என் சொல்லை எடுத்துவிட்டேன். அந்தச் சொல்லைப் படித்துப் பதற்றமா, கோபமா, குடிபோதையா என்று அவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? மாத்திரையைத் தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, தூக்கம் குறைந்த தேதி மூன்றையும் அடுத்தடுத்து வைத்தேன்.

சித்தப்பா ஒருவருக்கும் இதே மாதிரி இருந்து சிகிச்சை எடுத்தாராம். அதைக் கேட்காமல் யாரும் சொல்லவில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் தூக்கம் போகும், படபடப்பு வரும் என்பதால் அதற்கு ரத்தம் எடுத்தேன். கூடவே சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கால்சியம். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தைக் கொடுக்க மனநல மருத்துவர் நினைத்தால் இவை முதலிலேயே தேவைப்படும். இன்னொன்று, பையன் முதுகுவலிக்கு அடிக்கடி இபுப்ரோஃபென் போடுகிறவன். அது ரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். இது அவனுக்கு ஒரு பொருட்டான செய்தி இல்லை. மாத்திரைக் கணக்கு தெரிந்த நான்தான் எழுத வேண்டும்.

சாகத் தோன்றியதா என்று நேராகக் கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படத் தேவையில்லை. சோர்வான நாட்களில் தோன்றியது, எப்படி என்று யோசிக்கவில்லை என்றான். அதையும் அப்படியே எழுதினேன். மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை அம்மா கூடவே இருப்பதாக ஏற்பாடு. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அம்மாவின் போனில் பதித்துக் கொடுத்தேன். 'பைபோலார்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'சந்தேகம்' என்று போட்டேன், நோய் என்று முடிவு கட்டுவது என் வேலை இல்லை. லித்தியமோ வேறு மருந்தோ நான் தொடங்கவில்லை என்பதையும் எழுதினேன்.

கடிதத்தை உறையில் போட்டபோது பையன் கேட்டான்: "பைத்தியம்னு எழுதியிருக்கீங்களா டாக்டர்?" உறையைத் திறந்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். கடன் வாங்கிய வரியில் தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளையடித்த வரி வந்ததும் நிமிர்ந்தான்.

"ஒன்பது நாள் இல்ல டாக்டர், பதினொண்ணு. அம்மாவுக்கு நான் தூங்காதது முதல் ரெண்டு நாள் தெரியாது."

9-ஐ அடித்து 11 என்று எழுதி, பக்கத்தில் 'நோயாளியே சொன்னது' என்று குறித்தேன்.