பதினைந்து நாளாகப் பதில் இல்லை, இப்போது என்ன எழுதுவது?

வணக்கம். ஒரு நிறுவனத்தோடு பேசுகிறீர்கள், பேச்சு நன்றாகவே போகிறது, அவர்களே கேட்டதால் ப்ரொப்போசல் தயார்செய்து அனுப்புகிறீர்கள், "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்கிறார்கள். இரண்டு வாரம் ஓடிவிட்டது. மூச்சுப் பேச்சே இல்லை. மறுபடி எழுதினால் நச்சரிக்கிறான் என்று நினைப்பார்களோ, எழுதாமல் விட்டால் வேலை கைநழுவிப் போகுமோ என்று மனது இரண்டு பக்கமும் இழுக்கும்.

எழுதலாம். தாராளமாக எழுதலாம். ஆனால் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அதற்கு முன்னால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களோடு பேசியவரும் பணத்துக்குக் கையெழுத்துப் போடுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள் கிடையாது. பேசியவருக்கு உங்கள் ப்ரொப்போசல் பிடித்திருக்கும், மேலதிகாரிக்கு அனுப்பியிருப்பார், அவர் "இதற்கு பட்ஜெட் இருக்கிறதா?" என்று கணக்குப் பிரிவைக் கேட்டிருப்பார், கணக்குப் பிரிவு வேறு ஏதோ தலைபோகிற வேலையில் இருக்கும். நடுவில் இருப்பவரிடம் உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை, அதனால் சொல்லவில்லை. இது ஒரு வகை மௌனம். இன்னொரு வகை, வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, அதை முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் மெயிலின் வேலை, இது எந்த வகை என்று கண்டுபிடிப்பது. "ஓகே" வாங்குவது அதற்கு அப்புறம்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இரண்டே பேர் சேர்ந்து இணையதளம் வடிவமைக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் மேலாளருக்கு 4ஆம் தேதி 12 பக்க ப்ரொப்போசல் அனுப்பினார்கள், கடைசிப் பக்கத்தில் விலை. இன்று 19ஆம் தேதி. அவர்களில் ஒருவர் முதலில் எழுதி வைத்திருந்தது இப்படி: "தாங்கள் எங்கள் முன்மொழிவைப் பார்வையிட்டிருப்பீர்கள் என நம்புகிறோம். தங்கள் மேலான கருத்தை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம். தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மேலாளரின் இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். எந்த முன்மொழிவு? பழைய மெயிலைத் தேட வேண்டும், 12 பக்கத்தைத் திறக்க வேண்டும், எங்கே நின்றது என்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும், பிறகு "கருத்து" என்று ஒன்றை எழுத வேண்டும். மூன்று வரி மெயில், அரை மணி நேர வேலை. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூடிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் அனுப்பியது இதுதான்:

"வணக்கம் மேடம். 4ஆம் தேதி அனுப்பிய இணையதள ப்ரொப்போசல் தொடர்பாக எழுதுகிறேன். தேடும் சிரமம் வேண்டாம் என்று இதோடு மறுபடி இணைத்திருக்கிறேன், விலை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அந்த விலை அடுத்த மாதம் 4ஆம் தேதி வரை செல்லும். ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்: இது இன்னும் பரிசீலனையில் இருக்கிறதா, இல்லை இப்போதைக்குத் தள்ளிப்போயிருக்கிறதா? எதுவானாலும் சரி, எங்கள் வேலைகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்வோம்."

இதில் அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். போனிலிருந்தே, லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போதே, ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிடலாம். அதைவிட முக்கியம், "தள்ளிப்போயிருக்கிறது" என்ற இரண்டாவது வாய்ப்பு. முடியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவருக்கு நாமே கௌரவமான வாசல் ஒன்றைத் திறந்து வைக்கிறோம். நிறையப் பேர் இதை எழுதப் பயப்படுவார்கள், நாமே வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று. ஆகாது. வேண்டும் என்று இருப்பவர் அந்த வாசல் வழியாகப் போக மாட்டார்.

விலை செல்லுபடியாகும் தேதி, நீங்கள் இன்றைக்கு எழுதுவதற்கு ஒரு காரணத்தைக் கொடுக்கிறது. ஆனால் அது ப்ரொப்போசலில் ஏற்கெனவே இருக்கும் தேதியாக இருக்க வேண்டும், அவசரப்படுத்துவதற்காக இப்போது கண்டுபிடித்த தேதி என்றால் எதிரில் இருப்பவர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்.

அப்புறம் ஒரு சின்ன தொழில்நுட்ப விஷயம். புதிதாக மெயில் தொடங்காமல், நீங்கள் அன்று அனுப்பிய மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள், பேசியதெல்லாம் கீழே இருக்கும், அவர் அப்படியே மேலதிகாரிக்குத் தள்ளிவிடலாம். சப்ஜெக்டை மாற்ற வேண்டாம், மாற்றினால் ஜிமெயில் மாதிரியான சேவைகளில் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். இன்னொன்று, ரிப்ளை போடும்போது பழைய இணைப்பு பொதுவாகக் கூட வராது, கோப்பை நீங்கள்தான் மறுபடி சேர்க்க வேண்டும். "இணைத்திருக்கிறேன்" என்று எழுதிவிட்டு வெறும் மெயிலை அனுப்புவது நடக்கிற கதைதான்.

அந்த மேலாளர் மறுநாளே பதில் போட்டார். "பரிசீலனையில்தான் இருக்கிறது, மொத்தத் தொகையையும் ஒரே காலாண்டில் போட முடியாது என்கிறார்கள், இரண்டு கட்டமாகப் பிரிக்க முடியுமா?" பாருங்கள், பிரச்சினை விலையும் இல்லை, வேலையின் தரமும் இல்லை, பணம் எப்போது கொடுப்பது என்பதுதான். இது தெரியாமல், பதில் வராத பதற்றத்தில் "பத்து சதவீதம் குறைத்துத் தருகிறோம்" என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாருமே கேட்காத தள்ளுபடியைக் கொடுத்திருப்பார்கள், பிரச்சினை அப்படியே இருந்திருக்கும், போதாததற்கு முதலில் சொன்ன விலை சும்மா ஏற்றிச் சொன்னது போலிருக்கிறதே என்ற சந்தேகமும் வந்திருக்கும். மௌனத்தைப் பார்த்து விலையைக் குறைக்காதீர்கள்.

இந்த மெயிலுக்கும் பதில் வரவில்லை என்றால்? ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள், பிறகு போன். வேலை நேரத்தில் ஒரே ஒரு முறை கூப்பிட்டு, எடுக்காவிட்டால் இரண்டு வரிச் செய்தி போதும். அவருடைய மேலதிகாரியை சிசியில் போட்டு எழுதலாமே என்று தோன்றும், போடாதீர்கள். உள்ளே உங்களுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆளை மாட்டிவிட்டதாக ஆகிவிடும். "நீங்கள் மெயிலைத் திறந்து பார்த்தது தெரிகிறது" என்று எழுதுவதும் அதே ரகம்தான், படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

நான் சொன்னதெல்லாம் டெண்டருக்குப் பொருந்தாது. அங்கே யாரிடம், எந்தத் தேதிக்குள், எந்த வழியில் கேட்கலாம் என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். மதிப்பீடு நடக்கும்போது தனியாகப் போன் போட்டு விசாரித்தால், தகுதியிழப்பு வரைகூடப் போகலாம்.

விலைக்கான தேதியும் நெருங்கிவிட்டது, இன்னும் பதில் இல்லை என்றால், கடைசியாக ஒரு மெயில். கோபம் வேண்டாம், குத்தல் வேண்டாம். "4ஆம் தேதியோடு இந்த விலை முடிகிறது, அதனால் இந்த ப்ரொப்போசலை இப்போதைக்கு மூடி வைக்கிறோம், பின்னால் தேவைப்பட்டால் எழுதுங்கள், அப்போதைய நிலவரப்படி புதிதாகக் கொடுக்கிறோம்." இதற்குத்தான் சில பேர் அவசரமாகப் பதில் போடுவார்கள், வேடிக்கையாக இருக்கும். போடாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வேலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நாட்களை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து "அந்தப் பழைய விலைக்கே செய்வீர்களா?" என்று அவர்களே கேட்டு வந்தால், மூடி வைக்கிறோம் என்று எழுதிய அந்த மெயிலுக்குக் கீழேயே புதுக் கணக்கைப் போட்டு அனுப்பலாம். நன்றி, வணக்கம்.