வார சவாரி ரத்து: நேத்து ராத்திரி எங்க வாட்சாப் குழுவுல நடந்தது

வணக்கம் மக்களே. இன்னிக்கு சமையல் இல்ல. பினாங்கு பாலத்து ஜாம் பத்தி நான் எத்தனை வீடியோவுல புலம்பியிருக்கேன்னு உங்களுக்கே தெரியும். நாங்க நாலு பேரு ஒரே காடியில பாயான் லெப்பாஸ் கிலாங்குக்குப் போறோம். ஓட்டுறது புக்கிட் மெர்தாஜாம் அக்கா. முதல்ல அதே ஊர் அண்ணன் ஏறுவாரு, அப்புறம் செபராங் ஜெயாவுல நான், கடைசியா பிறையில தம்பி.

நேத்து ஞாயித்துக்கிழமை, ராத்திரி 10.40. அக்காகிட்டேர்ந்து மெசேஜ். "இந்த வாரம் என்னால வர முடியாது. மாமியாருக்கு ஈப்போவுல ஆப்பரேஷன். யாராவது ஓட்டுங்க." அவ்வளவுதான். உடனே ரெண்டு கட்டைவிரல். அப்புறம் அமைதி. எனக்கு வந்த கோபம்! அக்கா மேல இல்ல, பாவம் அவங்க. இந்த 'யாராவது' மேல. 'யாராவது'ன்னா யாரும் இல்ல. அண்ணன் தம்பி ஓட்டுவான்னு நினைக்கிறாரு, தம்பி நான் ஓட்டுவேன்னு நினைக்கிறான், விடிஞ்சா திங்கக்கிழமை.

நான் முதல்ல அக்காகிட்ட தனியா கேட்டேன், வெள்ளிக்கிழமையும் சேர்த்தா? ஆமா, அஞ்சு நாளும். சாயங்காலமும் கிடையாதா? கிடையாது. பாருங்க, காலைக்கு மட்டும் ஆள் பிடிச்சுட்டு சாயங்காலம் கிலாங் வாசல்ல நிக்கிற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன்.

அடுத்து, யார் ஓட்டுறது? தம்பி ஓட்டினா பிறையிலேர்ந்து பின்னாடி புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் போயி அண்ணனை ஏத்திட்டு அதே ரோட்டுல திரும்பணும். ஓட்டுறவர் மாறினா ஏத்துற வரிசையும் மாறும், இதை யாருமே யோசிக்கிறதில்ல. பாலத்துலேர்ந்து தூரமா இருக்கிறவர் ஓட்டினாதான் வழியில எல்லாரையும் ஏத்தலாம். ஆனா அண்ணன்கிட்ட காடி இல்ல, மோட்டார்தான். 2019லேர்ந்து பாலத்துல மோட்டாருக்கு டோல் கிடையாது, நான் அதுலயே போயிடுறேன்னாரு. இந்த மழையிலயா, 13.5 கிலோமீட்டர் பாலத்துலயா? வேணாம்ணே, மோட்டாரை எங்க வீட்டு போர்ச்சுல விடுங்க, நான் ஓட்டுறேன்னு சொல்லிட்டேன். வழியில தம்பி. ஒரு மீட்டர் கூட பின்னாடி போக வேணாம்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். அக்கா பெரிய மனசோட, என் காடியை எடுத்துக்குங்க, சாவி வீட்ல இருக்குன்னு சொன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். இன்சூரன்ஸ்ல பேர் இல்லாத ஆளு ஓட்டி இடிச்சா, கிளெயிம் பண்ணும்போது முதல் 400 வெள்ளி சொந்தக் காசு. அந்தக் காசை யாரு கொடுக்கிறதுன்னு நம்ம உறவுக்குள்ள சண்டை வரக்கூடாது.

இப்ப காசு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது! நாங்க மூணு பேரும் மாசம் ஆளுக்கு 80 வெள்ளி அக்காவுக்குக் கொடுக்கிறோம், வாரத்துக்கு 20. இந்த மாசம் ஏற்கெனவே கொடுத்தாச்சு. அப்ப இந்த வாரத்துப் பங்கு 60 வெள்ளி ஓட்டுற ஆளுக்கு வரணும். டோல் 5.74, தீவுக்குப் போகும்போது மட்டும், வரும்போது கிடையாது. அஞ்சு நாளைக்கு 28.70. எண்ணெய், போகவர 50 கிலோமீட்டர், அஞ்சு நாளைக்கு 250, என் காடிக்கு சுமார் 15 லிட்டர். மைகாட்ல 1.99 விலைக்கு 29.85. மொத்தம் 58.55! மிச்சம் ஒரு வெள்ளி 45 காசு. நான் கேட்டதும் அக்கா உடனே 60ஐ அனுப்பிட்டாங்க, தங்கமான மனுஷி.

அப்புறம் நான் குழுவுல போட்ட மெசேஜ், படிக்கிறேன்: "திங்கள் முதல் வெள்ளி வரை, காலையும் மாலையும், நான் ஓட்டுறேன். அண்ணன் 6.30க்கு எங்க வீட்டுக்கு, தம்பி 6.45க்கு வழக்கமான இடத்துல. மாலை 5.40 கிலாங் வாசல். பணம் அக்கா கொடுத்துட்டாங்க, யாரும் எனக்குத் தர வேணாம். ரெண்டு பேரும் பேரைப் போட்டு சரின்னு எழுதுங்க." கட்டைவிரல் வேணாம்னு சேர்த்தேன். ஏழே நிமிஷத்துல ரெண்டு பேரும் எழுதிட்டாங்க! அந்த நிம்மதி இருக்கே.

அப்புறம் படுக்கப் போகும்போது ஒரு சந்தேகம். என் டச் அண்ட் கோ அட்டையைப் பார்த்தா மிச்சம் 4.20. டோல் 5.74! காலையில பிறை டோல்ல கட்டை ஏறாம, பின்னாடி வரிசையா காடி, எல்லாரும் ஹாரன் அடிச்சிருப்பாங்க. பன்னெண்டு மணிக்கு பெட்ரோல் ஸ்டேஷன் போயி 50 வெள்ளி போட்டுட்டு வந்தேன். அக்கா அவங்க அட்டையை வாரா வாரம் பார்த்துக்கிட்டிருந்தாங்க, எனக்கு அது தெரியவே இல்ல.

சரி மக்களே, அண்ணன் மோட்டார் சத்தம் கேக்குது, சாவியை எடுக்கணும்.