அழாத பிள்ளைக்கும் நோகும்

(யாழ்ப்பாணத்தில் தாதியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பல வேலைகளுக்கிடையில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வைத்தியப் பணிப்பாளர் அவர்களே, மருத்துவ பீடப் பேராசிரியப் பெருமக்களே, மங்கல விளக்கேற்றி வைத்த மூத்த தாதிய பரிபாலகி அவர்களே, இரவுக் கடமை முடித்து வீட்டுக்கும் போகாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களே, பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மாரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு முன் பேசியவர் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் பழமொழி. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கும்போது நாவில் வைக்கும் சீனிக் கரைசலைப் பற்றிப் பேச வந்த நான், அதன் அளவு, அதன் எல்லை, அதைச் சேமித்து வைக்கும் முறை ஆகிய மூன்றையும் சொல்ல நினைத்திருக்கிறேன்.

கரைசல் என்பது பெரும்பாலும் 24 சதவீதச் சுக்குரோசு, அதாவது 100 மில்லி லீற்றரில் 24 கிராம் சீனி. இனிப்பு நாவிற் படும்போது உடலே சுரக்கும் நோவடக்கிகள் வேலை செய்கின்றன என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். குழாய் வழியாக நேரே இரைப்பைக்குள் செலுத்தினால் அந்தப் பலன் கிடைக்காது. ஆகவே, எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிட எங்கே, எப்போது வைத்தோம் என்பதே முக்கியம். குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்னதாக, நாவின் முன்பகுதியில், துளித்துளியாக வைக்க வேண்டும். அதன் பலன் ஏறத்தாழ ஐந்து நிமிடம் நிற்கும்.

அளவைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. கனடாவில் நடந்து 2018 இல் வெளிவந்த ஆய்வொன்றில், குதிகாற் குத்தலுக்கு 0.1, 0.5, 1 மில்லி லீற்றர் என்ற மூன்று அளவுகளும் நோவைக் குறைப்பதில் வேறுபடவில்லை. 0.1 மில்லி லீற்றர் என்பது இரண்டு துளி. அதில் இருப்பது 24 மில்லி கிராம் சீனி மட்டுமே. நிறைமாதக் குழந்தைக்கு ஒரு தடவைக்கு 2 மில்லி லீற்றரை உச்சமாகப் பல வழிகாட்டிகள் வைத்திருந்தாலும், அந்த உச்சத்தைத் தொட வேண்டிய தேவை குதிகாலுக்கு வருவது அரிது.

என் பேத்தியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். பிறந்த மூன்றாம் நாள் செங்கமாரி கூடியதோ என்று பிலிரூபின் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வைத்தியசாலையின் பெயரைச் சொல்லமாட்டேன். என் மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை விலக்கி மேசையிற் கிடத்தினார்கள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்தம் எடுக்க வந்த தாதித் தங்கை கெட்டிக்காரி, ஆனால் அவசரம். சிரிஞ்சில் இருந்த 2 மில்லி லீற்றரையும் ஒரே அழுத்தில் கன்னத்துக்குள் விட்டு, அடுத்த கணமே குத்தினார். பிள்ளை புரைக்கேறி இருமியது. இரத்தம் வரவில்லை. குதிகாலைப் பிசைந்தார், பிசையப் பிசையப் பிள்ளை நீலம்பாரித்து அலறியது. இரண்டாவது தடவையும் குத்த வேண்டியதாயிற்று. குத்தலைவிடப் பிசைதலே கூடுதலாக நோகும் என்பது எங்களுக்குத் தெரியும். வெளியே வாங்கில் இருந்த என் மகளின் சட்டை பாலால் நனைந்திருந்தது.

ஆறு மணித்தியாலம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தபோது, நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டு, மகளை நாற்காலியில் இருத்தினேன். பிள்ளை முலையைப் பற்றி விழுங்கும் ஓசை சீராகக் கேட்கும்வரை பொறுத்திருந்தோம். பின் அதே தங்கை, குதிகாலின் நடுவை விட்டு ஓரத்தில், தானியங்கிக் குத்தூசியால் ஒரு தடவை குத்தினார். பிள்ளை ஒரு கணம் முகஞ்சுளித்து, மீண்டும் குடிக்கத் தொடங்கியது. சுக்குரோசு தேவைப்படவேயில்லை. அன்று பிள்ளை அழாமலே பால் குடித்தது.

இனி எல்லையைச் சொல்கிறேன். சீனிக் கரைசல் கொடுத்த குழந்தையின் அழுகையும் முகச்சுளிப்பும் குறைகின்றன, இதில் ஐயமில்லை. ஆனால் 2010 இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, குத்தும் வேளையில் மூளையில் எழும் மின் அலைகளை அளந்தபோது, சுக்குரோசு கொடுத்தவர்களுக்கும் வெறும் நீர் கொடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அந்த முடிவை மறுத்து வாதிடுவோரும் உள்ளனர். என்றாலும், அமைதி என்பது நோவின்மை என்று எழுதிவைக்க எவருக்கும் உரிமையில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்றால், அழுகை அடங்கிய இந்தப் பிள்ளையின் நோவை யார் கேட்பது?

குறைமாதக் குழந்தைகளில் எண்ணிக்கையும் கவனிக்கப்பட வேண்டும். 31 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு முதல் வாரத்தில் நாளொன்றுக்குப் பத்துத் தடவைக்கு மேல் கொடுத்தபோது, அவர்களின் கவனத்துக்கும் அசைவுக்குமான புள்ளிகள் பின்னர் குறைந்திருந்ததாக ஓர் ஆய்வு எச்சரித்தது. அதனால் ஒவ்வொரு துளியையும் மருந்துத் தாளில் நேரத்தோடு எழுத வேண்டும். விழுங்க இயலாத குழந்தைக்கும், குடல் அழற்சி ஐயமுள்ள குழந்தைக்கும் வைத்தியரைக் கேளாமல் வைக்கக்கூடாது. பசியால் அழும் பிள்ளையை அடக்க இதைப் பயன்படுத்தவும் கூடாது. வீட்டில் அம்மம்மாமார் சீனித்தண்ணீர் கரைத்துக் கொடுப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சேமிக்கும் முறையைப் பேச நேரம் போதவில்லை. தலைவர் மணியைப் பார்க்கிறார். பணிப்பாளர் அவர்களிடம் ஒரேயொரு விண்ணப்பம் வைக்கிறேன். இரத்தம் எடுக்கும் அந்த மேசைக்குப் பக்கத்தில், கைப்பிடியுள்ள ஒரு நாற்காலியையும், மறைப்புக்கு ஒரு திரைச்சீலையையும் போடுங்கள். தாயை வெளி வாங்கிலிருந்து உள்ளே கூப்பிடுங்கள். தாய் வர முடியாத பிள்ளைக்கு இரண்டு துளியும் இரண்டு நிமிடமும் தாருங்கள்.