தேக்காவில் எது வரும்?

தலைப்பு: "சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே யகரமும் வகரமும் வருவது நாக்கின் வசதிக்காகவா, இலக்கணத்தின் கட்டளைக்காகவா?"
அணி: நாக்கின் வசதிக்காகவே

நடுவர் அவர்களுக்கும், மழையில் நனைந்து வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

எதிரணி அண்ணன் நன்னூல் நூற்பாவை ஒரே மூச்சில் ஒப்பித்தார். முதற்சொல் இ, ஈ, ஐ ஒலியில் முடிந்தால் யகரம், ஏகாரத்துக்கு இரண்டும், மற்றவற்றுக்கு வகரம். சரி. ஆனால் எங்கள் சிங்கப்பூர் புளோக்கில் நன்னூலின் பெயரைக்கூடக் கேட்டிராத பாட்டி ஒருவர் இருக்கிறார். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பேரன் கேட்டான்: "பாட்டி, 'தேக்கா', 'இல்'. நடுவில் எது வரும்?"

"தேக்காவில் மீன் வரும், கீரை வரும். வேறென்னடா வேண்டும்?"

பையன் தலையில் அடித்துக்கொண்டான். "மீன் இல்லை பாட்டி, எழுத்து! 'கிளமெண்டி', 'இல்'. எது வரும்?"

"கிளமெண்டியில் உன் சித்தப்பா வீடு வரும். போய் வெகுநாளாயிற்று."

சிரிக்கிறீர்கள். பையன் சிரிக்கவில்லை, விடை கிடைக்கவில்லையே என்று அழுதான்! பாட்டியோ வகரத்தையும் கொடுத்து, யகரத்தையும் கொடுத்துவிட்டு, வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். நூற்பா எங்கே ஐயா இருந்தது? 'டி' என்னும்போது நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழுந்து நிற்கிறது. அடுத்த உயிருக்கு நகர்ந்தாலே யகரம் விழுந்துவிடும். 'பசு' என்னும்போது உதடு குவிகிறது. பிரித்தால் வகரம், பசுவை.

உடனே எதிரணித் தங்கை கேலி செய்தார்: "'தேக்கா' என்றால் வாய் திறந்துதானே கிடக்கிறது, உதடு எங்கே குவிந்தது? நாக்குக்குத்தான் எலும்பில்லை, உங்கள் வாதத்துக்குமா?" நல்ல அடி, தங்கையே. உண்மைதான், 'ஆ'வில் வாய் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அதனால்தான் பழம்பாட்டில் 'மாயிரு ஞாலம்' என்று யகரமே வந்து உட்கார்ந்திருக்கிறது! பிறகு வழக்கம் வகரத்தின் பக்கம் போயிற்று. ஏன் போயிற்று என்று என் நாக்கு சொல்லாது, உங்கள் நூற்பாவும் சொல்லாது. தொல்காப்பியர், இப்படி நடுவே வரும் எழுத்தாகிய உடம்படுமெய் வருவதை 'வரையார்' என்கிறார், விலக்க மாட்டார்களாம். எங்கே அம்மா கட்டளை?

அண்ணன் 'காசு' ஏன் 'காசுவை' ஆகவில்லை என்றார். அந்த உகரம் பாதி மாத்திரைதான், உயிரைக் கண்டதும் ஓடிவிடுகிறது. காசை! இடைவெளியே இல்லாத இடத்தில் யார் உள்ளே வருவது? ஏகாரத்தில் முடியும் பூன் லே மட்டும் வம்பு. பூன் லேயில் என்கிறார் என் நண்பர், பூன் லேவில் என்கிறார் அவர் மனைவி. அது நடுவர் பாடு.

போன மாதம் அந்தப் பாட்டிக்கு உடம்பு சரியில்லை. வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் பேரன் மருத்துவமனையில் தமிழ்த் தாதி ஒருவரைப் பார்த்துக் கேட்டான்: "என் பாட்டியை எப்போது பார்க்கலாம்? தாத்தாவையும் கூட்டி வரலாமா?" அந்தத் தவிப்பிலும் ஒரு யகரம், ஒரு வகரம். அவனிடம் போய் விதி கேட்பீர்களா? மணி அடிக்கிறது நடுவரே, உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள்.