பிக்னோமீட்டரில் ஒரு சிறு குமிழியும் ஒரு டிகிரியும்

வணக்கம். என் கையில் இருப்பது 25 மி.லி. பிக்னோமீட்டர், அதாவது திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் குப்பி. இதன் கண்ணாடி மூடியின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு நுண்துளை செல்கிறது. இன்று கிளிசரினின் அடர்த்தியை 25 டிகிரி செல்சியசில் காணப்போகிறோம்.

குப்பியில் எழுதியிருக்கும் 25 என்ற எண்ணை நான் நம்புவதில்லை. உலர்ந்த வெற்றுக் குப்பி 18.604 கிராம். கொதிக்கவைத்து ஆறிய காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, 25 டிகிரி நீர்த்தொட்டியில் அரை மணி நேரம் வைத்தபின் 43.475 கிராம். எனவே நீர் மட்டும் 24.871 கிராம். 25 டிகிரியில் நீரின் அடர்த்தி 0.99705 என்பதால், அதனால் வகுத்தால் குப்பியின் உண்மைக் கொள்ளளவு 24.945 மி.லி. என்று கிடைக்கிறது.

அடுத்து அதே வெப்பநிலையில் கிளிசரினை நிரப்பி எடைபோட்டேன்: 49.967 கிராம். குப்பியின் எடையைக் கழித்து, கொள்ளளவால் வகுத்தால் 1.2573. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. குப்பியை விளக்கின் எதிரே சாய்த்துப் பார்த்தபோதுதான், மூடியின் அடிப்புறத்தில் சுமார் 3 மி.மீ. விட்டமுள்ள ஒரு குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அது பிடித்த இடம் 0.014 மி.லி.தான், ஆனால் அவ்வளவு கிளிசரின் இல்லாமற்போனதால் எடை 0.018 கிராம் குறைந்துவிட்டது.

இதைத் தவிர்க்க, கிளிசரினை முதலில் இளஞ்சூடாக்கி, குமிழிகள் மேலெழுந்து மறையும்வரை அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு நீண்ட ஊசி பொருத்திய சிரிஞ்சின் நுனியைக் குப்பியின் அடியில் வைத்து, திரவம் உயர உயர ஊசியையும் மெல்ல உயர்த்தி, கழுத்து நிரம்பும்வரை செலுத்த வேண்டும். மூடியைப் பொறுமையாக, செங்குத்தாக இறக்கினால், மிகுதியான திரவம் நுண்துளை வழியே வெளியேறும். அவசரப்பட்டு அழுத்தினால் காற்று அதன் அடியில் சிக்கும். மேலே வழிந்ததைத் துடைக்கும்போது, துளைக்குள் இருக்கும் திரவத்தைத் தாள் உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பலமுறை தவறியது இங்கேதான்.

இப்படி மீண்டும் நிரப்பியபோது 49.985 கிராம், அடர்த்தி 1.2580.

இனி வெப்பநிலை. கிளிசரினின் அடர்த்தி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.0006 குறைகிறது, அதாவது ஒரு டிகிரிப் பிழை, நாம் கண்ட அந்தக் குமிழி செய்த அளவுக்கே கெடுதல் செய்யும். உங்களிடம் நீர்த்தொட்டி இல்லாமல் 28 டிகிரியில் 1.2562 கிடைத்தால், மூன்று டிகிரிக்கு 0.0018 கூட்டினால் 25 டிகிரிக்குரிய 1.2580 வந்துவிடும். போரோசிலிகேட் கண்ணாடியின் விரிவு ஐந்தாம் தசம இடத்தில்தான் தெரியும் என்பதால் இங்கே விட்டுவிடலாம். குப்பியின் உடலைக் கையால் பற்றாமல் கழுத்தைப் பிடியுங்கள். உள்ளங்கைச் சூட்டில் திரவம் விரிந்து துளை வழியே வழிந்துவிடும், ஆறியதும் மட்டம் இறங்கி நிற்கும்.

வெப்பநிலை சரியாக இருந்தும் ஐயம் இருந்தால் மூன்று முறை நிரப்புங்கள். குமிழி எடையைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. ஆகவே இரண்டு எடைகள் ஒத்து, ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், சராசரி எடுக்காமல் அந்தக் குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.